கைப்பேசிக்கு வெளியே ஓர் ஆன்டெனா: புற ஜிபிஎஸ் ரிசீவர்களின் மறைவும் மீள்வரவும்

கைப்பேசிக்குள்ளேயே ஜிபிஎஸ் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மலைப்பாதை வரைபவர்களும் நில அளவர்களும் தனியாக ஒரு ரிசீவரை வாங்கி, புளூடூத் வழியாக அதே கைப்பேசியுடன் இணைத்துக்கொள்கிறார்கள். கைப்பேசிச் சில்லு மேம்பட மேம்பட இந்தப் பழக்கம் ஒழிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒழியவும் செய்தது. பிறகு வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வந்தது. முதல் சுற்றில் கைப்பேசியிடம் இல்லாதது ரிசீவர். இரண்டாம் சுற்றில் இல்லாதது நல்ல ஆன்டெனா. இவ்விரு சுற்றுகளையும் 1983-ல் கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட ஓர் எழுத்து வரி இணைக்கிறது. இன்று களத்தில் காணும் பிழைகளில் பல, அந்த வரியைக் கைப்பேசி வாசிக்கும் முறையிலிருந்தே வருகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

கப்பலிலிருந்து சட்டைப்பைக்கு

அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983-ல் NMEA 0183 என்ற தரத்தை வெளியிட்டது. கப்பலில் உள்ள ஆழமானி, திசைகாட்டி, தானியங்கிச் சுக்கான் ஆகியவை ஒன்றோடொன்று பேசுவதற்கான ஏற்பாடு அது. நொடிக்கு 4800 பிட் வேகம். டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிந்து, சரிபார்ப்பு எண்ணில் முடியும் வரிகள். கண்ணால் பார்த்தே படித்துவிடலாம். ஜிபிஎஸ் கருவிகள் இந்த வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டன.

2000 மே 2 வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. சுமார் 100 மீட்டர் வரை தவறும் இடங்காட்டியால் ஒற்றையடிப் பாதையைப் பின்தொடர முடியாது. அன்று அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டதும் பிழை 10, 20 மீட்டருக்குள் அடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பாம், பாக்கெட் பிசி போன்ற கையடக்கக் கணினிகளோடும், நோக்கியாவின் சிம்பியன் கைப்பேசிகளோடும் இணையும் சிறு ரிசீவர்கள் சந்தைக்கு வந்தன. முதலில் கம்பியில் இணைந்தவை விரைவிலேயே புளூடூத்துக்கு மாறின. புளூடூத்தில் சீரியல் போர்ட் போல நடிக்கும் ஒரு முறை இருந்ததால், செயலியின் பார்வையில் அது பழைய கம்பி இணைப்பாகவே தெரிந்தது. அதனால் 1983-ன் வரி ஓர் எழுத்தும் மாறாமல் காற்றில் பயணித்தது. சிர்ஃப்ஸ்டார் III என்ற சில்லு மரநிழலிலும் பலவீனமான அலையைப் பற்றிக்கொண்டதால் இந்த ரிசீவர்கள் மலையேறுபவர்களிடமும் பரவின.

2007-ல் நோக்கியா N95, 2008-ல் ஐபோன் 3ஜி என்று ரிசீவர் கைப்பேசியின் உள்ளேயே புகுந்தது. தெருவைக் கண்டுபிடிக்க அதுவே போதும். வெளி ரிசீவரின் முதல் வாழ்வு அத்துடன் முடிந்தது.

ஐந்து மீட்டரில் நின்றது ஏன்

திறந்த வெளியில் கைப்பேசியின் பிழை சுமார் 4.9 மீட்டர் என்று 2015-ல் வான் டிக்லனும் எங்கேயும் வெளியிட்ட அளவீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. சில்லுகள் அதற்குள் பல தலைமுறை கண்டிருந்தன. பிழை குறையாததற்கு முதன்மைக் காரணம் ஆன்டெனா.

செயற்கைக்கோள் அலை வலப்புறமாகச் சுழன்றபடி வருகிறது. பாறையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பினால் அந்தச் சுழற்சி பெரும்பாலும் இடப்புறமாக மாறிவிடும். அளவைக்கென்று செய்த ஆன்டெனா வலச்சுழற்சியை மட்டும் நன்றாக ஏற்கும். அதன் கீழுள்ள உலோகத் தட்டு தரையிலிருந்து எழும் எதிரொலிகளையும் தடுக்கும். கைப்பேசியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகக் கீற்றுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நேரடி அலையையும், சுற்றி வந்து தாமதித்த அலையையும் அது ஒன்றாகக் கலந்து சில்லுக்குக் கொடுக்கிறது. அந்தத் தாமதம்தான் இடப்பிழையை உண்டாக்குகிறது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் 2014-ல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். கைப்பேசித் தர ஆன்டெனாவைக் கொண்டும் சென்டிமீட்டர் துல்லியம் எட்ட முடியும், ஆனால் எதிரொலிகளால் அதற்கு நெடுநேரம் பிடிக்கும் என்று கண்டார்கள். ஆன்டெனாவை ஓர் அலைநீள அளவுக்கு அங்குமிங்கும் அசைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது என்பது அவர்களின் கண்டுபிடிப்பிலேயே சுவையான பகுதி. அசைவில் எதிரொலிப் பிழைகள் ஒன்றையொன்று சராசரியாக்கிக்கொள்கின்றன. 2016-ல் ஆண்ட்ராய்டு 7 மூல அளவீடுகளைச் செயலிகளுக்குத் திறந்துவிட்டது. 2018-ல் ஷாவ்மி Mi 8 இரண்டு அதிர்வெண்களில் அலை வாங்கியது. இரண்டும் உண்மையான முன்னேற்றங்களே. ஆனால் ஆன்டெனா அதே கீற்றுதான்.

மீள்வரவு

ஜிபிஎஸ் குறியீட்டைச் சுமந்து வரும் ஊர்தி அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். குறியீட்டை விட்டுவிட்டு அந்த அலையின் கட்டத்தையே அளந்தால் மில்லிமீட்டர் அளவிலான வேறுபாடுகளும் தெரியும். ஆனால் செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையே முழு அலைகள் எத்தனை என்பது தெரியாது. இடம் தெரிந்த ஒரு தளநிலையம் அதே நேரத்தில் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிட்டு அந்த எண்ணிக்கையைத் தீர்ப்பதுதான் ஆர்டிகே முறை.

இது அளவையாளர்களுக்குப் பழைய முறை. ஆனால் தனி ரேடியோவும் விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் நடக்காது. இந்தத் தடையை மூன்று நிகழ்வுகள் தகர்த்தன. ஜெர்மனியின் புவியளவை நிறுவனமான பிகேஜி முன்னின்று உருவாக்கிய என்ட்ரிப் நெறிமுறை 2004-ல் தரமாகி, திருத்தத் தரவு இணையத்தில் ஓடத் தொடங்கியது. ஜப்பானின் டொமோஜி டகாசு எழுதிய ஆர்டிகேலிப் கணக்கீட்டைத் திறந்த மூலமாக்கியது. 2018-ல் யூ-பிளாக்ஸ் அறிவித்த ZED-F9P, பல அதிர்வெண் ஆர்டிகேவை ஒரே சிறு தொகுதியில் அடக்கியது.

இதனால் கைப்பேசியின் வேலையே மாறியது. முதல் சுற்றில் தரவு ரிசீவரிலிருந்து கைப்பேசிக்கு ஒரே திசையில் வந்தது. இப்போது கைப்பேசி மொபைல் இணையத்தில் திருத்தத்தை வாங்கி, புளூடூத்தில் ரிசீவருக்கு அனுப்புகிறது. தீர்ந்த இடத்தை அங்கிருந்து திரும்பப் பெறுகிறது. ஆகவே மலையில் சிக்னல் போனால் செயற்கைக்கோள் எத்தனை தெரிந்தாலும் சென்டிமீட்டர் துல்லியம் சிறிது நேரத்தில் கைவிட்டுப் போகும். அங்கே இந்தியாவின் ககன் உதவும். அதன் திருத்தம் செயற்கைக்கோளிலிருந்தே வருவதால் இணையம் வேண்டாம். ஆனால் துல்லியம் மீட்டர் அளவில்தான் இருக்கும். இன்னொரு வழி, மூல அளவீடுகளைப் பதிவுசெய்து வைத்து, ஊருக்கு வந்தபின் ஆர்டிகேலிப்பில் கணக்கிடுவது.

ஒரு வரியைப் படித்தல்

கொடைக்கானலில் நண்பகலில் ஓர் எல்லைக்கல்லின் மீது ரிசீவரை நிறுத்தினால் இப்படியொரு வரி வரும். விளக்கத்துக்காக நான் அமைத்தது இது.

```
$GNGGA,063015.00,1013.8452017,N,07729.4116042,E,4,12,0.62,2133.412,M,-92.310,M,1.0,0123*7F
```

நேரம் உலகப் பொது நேரப்படி 06:30:15. அட்சரேகை 10 பாகை, 13.8452017 கலை. பாகையும் கலையும் ஒட்டியே எழுதப்படுவதால் இதை 10.138 பாகை என்று படித்துவிடும் தவறு அடிக்கடி நேர்கிறது. கலையின் தசம இலக்கங்களை எண்ணுங்கள்: இங்கே ஏழு. பழைய ரிசீவர்கள் நான்கோடு நிறுத்தின; நான்காம் இலக்கத்தின் ஒரு படி தரையில் 18 சென்டிமீட்டர். ZED-F9P-யிலும் உயர்துல்லிய அமைப்பை இயக்காவிட்டால் இலக்கம் குறைந்து, உழைத்துப் பெற்ற துல்லியம் எழுத்திலேயே அறுபட்டுப்போகும்.

E-க்குப் பின்வரும் 4 தான் இந்த வரியின் உயிர். 1 என்றால் ரிசீவர் தனியாகக் கணித்தது. 2 என்றால் ககன் போன்ற திருத்தம் கிடைத்தது. 5 என்றால் முழு அலை எண்ணிக்கை இன்னும் தீரவில்லை. 4 என்றால் தீர்ந்தது. இறுதியிலுள்ள 1.0 திருத்தத்தின் வயது, நொடியில். அது ஏறிக்கொண்டே போனால் இணையம் துண்டித்துவிட்டது என்று பொருள்.

உயரத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு பொறி உண்டு. புவிஈர்ப்பின்படி அமைந்த கடல்மட்டம், ஜிபிஎஸ் கணக்கின் அடிப்படையான எலிப்சாய்டைவிட இந்தியாவின் தெற்கே சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான தாழ்வு அதுதான். வரியிலுள்ள -92.310 கொடைக்கானலில் அந்தத் தாழ்வைக் குறிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து உயரம் 2133.412, எலிப்சாய்டிலிருந்து உயரம் 2041.102. ஆண்ட்ராய்டு தன் இட விவரத்தில் எதிர்பார்ப்பது இரண்டாவதை. இணைப்புச் செயலி முதலாவதைக் கொடுத்து, வரைபடச் செயலி அதை எலிப்சாய்டு உயரமாக எடுத்துத் திருத்தினால் 2225.722 என்று காட்டும். உயரம் தொண்ணூறு மீட்டரை ஒட்டித் தவறினால் ரிசீவரைச் சந்தேகிக்க வேண்டாம். தவறு இந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது.

போலி இடம் என்ற வாசல்

வெளி ரிசீவரின் இடத்தை எல்லாச் செயலிகளும் பயன்படுத்த ஆண்ட்ராய்டில் உள்ள வழி, டெவலப்பர் அமைப்புகளில் இருக்கும் "Select mock location app". மென்பொருள் சோதனைக்காகச் செய்த வாசல் அது. ஆண்ட்ராய்டின் இட விவரத்தில் 4, 5 என்ற தரநிலைக்கு இடமே இல்லை. அதனால் வரைபடச் செயலி தீர்ந்த இடத்தையும் தீராத இடத்தையும் ஒன்றுபோல ஏற்கும். கைப்பேசி தன் வைஃபை, டவர் மதிப்பீட்டைக் கலப்பதும் உண்டு. நீங்கள் அசையாமல் நிற்கும்போது நீலப்புள்ளி பல மீட்டர் தாவித் தாவித் திரும்பினால் அதுதான் நடக்கிறது. அளவை வேலைக்கு SW Maps, QField போல வரியை நேரடியாகப் படிக்கும் செயலியே பொருத்தம்; அவை தரநிலையைப் புள்ளியோடு சேமிக்கும். ஐபோனில் ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்கே பொது வாசல் உண்டு. இடம் வெளிக்கருவியிலிருந்து வந்ததா என்று செயலி கேட்டறியும் வசதி 2021-ல் iOS 15-ல்தான் சேர்ந்தது.

எண் 4-ஐ எவ்வளவு நம்பலாம்

தளநிலையம் தொலைவாக ஆக ஆகப் பிழை ஏறும். ZED-F9P-க்குச் சொல்லப்படும் அளவு 1 சென்டிமீட்டரோடு, கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். 20 கிலோமீட்டருக்கு அது 3 சென்டிமீட்டர். தென் தமிழகத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்வதால், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் கொந்தளித்து அலையைச் சிதறடிப்பது இங்கே அதிகம். மாலையில் கிடைக்காத தீர்வு மறுநாள் முற்பகலில் எளிதாகக் கிடைத்தால் இதையே காரணமாகக் கொள்ளலாம்.

தளநிலையத்தின் இடமே தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தால், 4 என்ற எண் அதைக் காட்டாது. தன்னார்வலர் ஒருவர் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து, சராசரி எடுத்த இடத்தையே அறிவித்திருந்தால் அதில் ஓரிரு மீட்டர் பிழை இருக்கக்கூடும். அப்போது உங்கள் வயலின் வடிவமும் பரப்பும் சரியாக இருக்கும். வயல் முழுவதும் ஒரே திசையில் நகர்ந்திருக்கும். இதைப் பிடிக்க, இந்திய நில அளவைத் துறையின் நிலையத்தோடு கட்டப்பட்ட ஒரு கல்லை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

மரங்களின் கீழ் இன்னும் மோசமானது நடக்கும். அலை எண்ணிக்கை தவறாகத் தீர்ந்தும் 4 என்றே வரும். திரையில் எதுவும் சந்தேகம் எழுப்பாது. கம்பத்தைத் தலைகீழாக்கியோ ஆன்டெனாவைக் கையால் மூடியோ தீர்வைக் கலைத்து, மீண்டும் 4 வரும்வரை காத்திருந்து, அதே கல்லை மறுபடி அளக்க வேண்டும். அரைமணி கழித்து, செயற்கைக்கோள்கள் இடம் மாறிய பிறகு அளந்தால் இன்னும் நல்லது. இரண்டு அளவும் 2, 3 சென்டிமீட்டருக்குள் ஒத்தால் புள்ளியை ஏற்கலாம். 20 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ விலகினால் இரண்டில் ஒன்றாவது பொய். எது பொய் என்பதை மூன்றாம் அளவுதான் சொல்லும்; அதுவும் ஒத்துவராத இடத்தில் மரநிழலுக்கு வெளியே இரண்டு புள்ளிகளை அளந்து, அங்கிருந்து நாடா பிடித்துக் கல்லின் இடத்தைக் கணக்கிட வேண்டும்.