காழகமும் கடாரமும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் கடற்கரையிலிருந்து வடக்கே நோக்கினால், கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய் மலை தெரியும். அம்மலையடியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பழந்தமிழர் கண்ட கடாரத்தோடு இணைத்து எழுதும் கட்டுரையாளர், தவறாமல் எடுத்துக்காட்டும் நூல் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்து, அந்நூல் ஈழத்தை அடுத்துக் காழகத்தைக் குறிக்கின்றது. காழகம் என்பது கடாரமே என உரை வகுத்தவர் நச்சினார்க்கினியர். அவ்வுரையோடு பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார்.

இவ்வொரு சொல்லை மேற்கோளாக எடுத்தெழுதும்போது இருவகை மாற்றம் நேரலாம். தட்டச்சில் ஒரு கால் விடுபட்டால் காழகம் ‘கழகம்’ ஆகிவிடும். அதுவும் தமிழ்ச் சொல்லே. ஆதலின் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தப்பும். இதனைக் காட்டிக்கொடுப்பது யாப்பு. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றிவரின் மட்டும் போதாது. முதலெழுத்தின் மாத்திரையும் ஒத்திருத்தல் வேண்டும். ஈழத்தின் ஈகாரம் நெடில். காழகத்தின் காவும் நெடில். கழகம் குறிலில் தொடங்குவதால் எதுகை கெடுகின்றது. எனவே அது பிழை; மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத்தக்கது.

மற்றொரு மாற்றம் நல்லெண்ணத்தால் விளைவது. மாணவர்க்கு விளங்கட்டுமென்று மேற்கோளுக்குள்ளேயே ‘கடாரம்’ என எழுதிவிடுவர். எதுகை இங்கும் கெடுகின்றது. வரலாறோ அதனினும் கெடுகின்றது. கடாரம் என்னும் பெயர் முதலாம் இராசேந்திரனின் பதினோராம் நூற்றாண்டு மெய்க்கீர்த்தியில் உள்ளது. பாட்டிலோ அப்பெயர் இல்லை. இரண்டும் ஒன்றென்பது பல நூற்றாண்டு பிற்பட்ட உரையாசிரியர் கருத்து. மேற்கோளைத் திருத்தியவர், உரையைச் சான்றாக்கிச் சான்றையே மறைத்துவிடுகின்றார். அவ்விளக்கம் மேற்கோளுக்கு வெளியே, கட்டுரையாளர் வாக்கியத்தில் இருத்தல் வேண்டும்.

அளபெடையிலும் இவ்வாறே கருத்தூன்ற வேண்டும். ‘தழீஇ’ என்பதன் இறுதி இகரம் மிகையாகத் தட்டப்பட்ட எழுத்துப்போல் தோன்றும். அதை நீக்குதலோ ‘தழுவி’ என மாற்றுதலோ பிழை. அது சொல்லிசை அளபெடை. நெடிலை அடுத்து அதற்கினமான குறில் வருவதே அளபெடை முறை. தழீஇ என்பதில் ஈகாரத்தை இகரமும், தழூஉ என்பதில் ஊகாரத்தை உகரமும் தொடர்கின்றன. ‘தழீஉ’ என்றிருப்பின் இனம் மாறியமையால் ஐயுற்று மூலத்தைப் பார்த்தல் வேண்டும்.

மூலத்தில் ஒருவாறும் தட்டச்சுப் படியில் வேறொருவாறும் இருப்பின், படியைத் திருத்துவதில் தயக்கம் வேண்டா. இரு நல்ல பதிப்புகளே வேறுபடின் அது பாடபேதம். பின்பற்றிய பதிப்பின் ஆண்டைச் சுட்டி, அதன்படியே எழுதுதல் வேண்டும். மூலப்பதிப்பிலேயே பிழை என ஐயம் எழுந்தால், மேற்கோளை உள்ளவாறே விடுத்து, ஐயத்தை அடிக்குறிப்பில் கூறலாம். காழகம் காழகமாகவே நின்றால்தான், அது கடாரமா அன்றா என்று நாளைய மாணவன் ஆராய இடமிருக்கும்.