உப்பு கிருமியைக் கொல்கிறதா? ஊறுகாய் ஜாடிக்குள் நடக்கும் சவ்வூடு பரவல்

"ஊறுகாயும் உலர்த்திய உணவும் நெடுநாள் கெடாமல் இருப்பது ஏன்? சவ்வூடு பரவல் கொண்டு விளக்குக." உணவுப் பதப்படுத்தல் தேர்வு எழுதிய எங்கள் உறவுக்காரப் பெண்ணின் வினாத்தாளில் வந்த ஐந்து மதிப்பெண் கேள்வி இது. "உப்பு ஒரு கிருமிநாசினி, கிருமிகளைக் கொன்றுவிடும்" என்று எழுதி வந்திருந்தாள். கிடைத்தது ஒன்றரை மதிப்பெண். வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாங்காய் ஊறுகாய் போடுகிறவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆகவே அந்த ஜாடியையே கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

தர்மபுரி மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும், காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாந்தோப்புகள் நம்மிடமும் இருக்கின்றன. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் காயை ஒரு கிலோ வாங்கி, துண்டு போட்டு, கல்லுப்பைத் தூவி மூடி வையுங்கள். மறுநாள் காலையில் ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. அத்தனையும் மாங்காயின் செல்களுக்குள் இருந்த தண்ணீர்.

ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. தண்ணீர் அதைக் கடந்து எளிதில் போய்வரும். உப்பு அப்படி எளிதில் கடக்காது. செல்லுக்குள் நீர்த்த கரைசல், வெளியே செறிந்த உப்புக்கரைசல் என்றால், தண்ணீர் நீர்த்த பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்கு நகரும். இதுதான் சவ்வூடு பரவல். தேர்வில் பலர் திசையை மாற்றி எழுதிவிடுகிறார்கள்: "உப்பு செல்லுக்குள் போகிறது" என்று. முதலில் நகர்வது தண்ணீர். நீரிழந்து செல் சுருங்கிச் செயலிழந்த பிறகுதான் சவ்வின் காவல் தளர்ந்து, உப்பு மெல்ல உள்ளே பரவுகிறது. சில நாட்கள் கழித்துத் துண்டின் நடுப்பகுதியும் உப்புக் கரிப்பது அதனால்தான்.

மாங்காய் செல்லுக்கு நேர்ந்ததே பாக்டீரியாவுக்கும் நேர்கிறது. அதன் உள்நீர் வெளியேற, அது சுருங்குகிறது. உணவை உள்ளே எடுக்கவோ இரண்டாகப் பிரியவோ முடியாது. இதைப் பிளாஸ்மா சிதைவு என்று எழுத வேண்டும். எல்லாக் கிருமியும் செத்துவிடுவதில்லை. பல உறங்கிக் கிடக்கும், தண்ணீர் கிடைத்தால் எழுந்துகொள்ளும். கருவாட்டின் மேல் சில நேரம் இளஞ்சிவப்புப் பூச்சு ஒன்று படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிரி. உப்பு நஞ்சாக இருந்தால் அது அங்கே வளர முடியுமா? உப்பு செய்வது தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் கட்டிப்போடுவது.

அப்படியானால் உப்பின் அளவை மாங்காயின் எடையோடு மட்டும் பார்த்தால் போதாது, அதிலுள்ள தண்ணீரோடு பார்க்க வேண்டும். ஒரு கிலோ மாங்காயில் ஏறக்குறைய 850 கிராம் தண்ணீர். அதில் 150 கிராம் உப்புப் போட்டால், 1000 கிராம் உப்புநீரில் 150 கிராம், அதாவது 15 சதவீதம். பெரும்பாலான கெடுக்கும் பாக்டீரியாக்கள் இதில் அடங்கிவிடும். இரத்த அழுத்தத்துக்குப் பயந்து 50 கிராம் மட்டும் போட்டால் ஐந்தரை சதவீதம்தான். அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நன்றாகவே வளரும். குமிழி வரும், நுரைக்கும், புளிப்பு ஏறும், மேலே வெள்ளை ஆடை படரும். உப்பைக் குறைப்பதென்றால் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது. உப்புநீரில் போட்டு விற்கும் ஊறுகாய்க்குக் குறைந்தது 12 சதவீத உப்பு இருக்க வேண்டும் என்று இந்திய உணவுத் தர விதி சொல்வதும் இதனால்தான். மாங்காயின் இயற்கைப் புளிப்பு நமக்குக் கிடைத்த கூடுதல் காவல்.

சரியான அளவில் உப்புப் போட்டும் மேலே பூஞ்சை வருகிறதே என்பார்கள். பூஞ்சை பாக்டீரியாவைவிட வறட்சியைத் தாங்கும். அதோடு அதற்குக் காற்று வேண்டும். ஈரக் கரண்டியின் சொட்டும், மூடியின் உட்புறம் வேர்த்து விழும் நீரும் மேற்பரப்பில் மட்டும் உப்பை நீர்த்துவிடுகின்றன. அடியில் 15 சதவீதம் இருந்தாலும் மேலே அது இல்லை. துண்டுகள் உப்புநீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், அல்லது எண்ணெய் அவற்றை மூடி நிற்க வேண்டும் என்பது இதற்காகத்தான். எண்ணெய் காற்றைத் தடுக்குமே தவிர, சவ்வூடு பரவலில் அதற்குப் பங்கில்லை. விடைத்தாளில் இரண்டையும் கலக்கக் கூடாது.

சர்க்கரையும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் அளவு எங்கோ போகிறது. ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதம் வேண்டும். காரணம், தண்ணீரை இழுப்பது துகள்களின் எண்ணிக்கை. உப்பின் மூலக்கூறு எடை 58.5, கரைந்ததும் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. சர்க்கரை 342, பிரிவதில்லை. ஆகவே ஒரு கிராம் உப்பு தரும் துகள்கள் ஒரு கிராம் சர்க்கரை தருவதைப் போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. முரப்பா போடுகிறவர்கள் பாகை நாளுக்கு நாள் கெட்டியாக்குவதன் காரணமும் இங்கே இருக்கிறது. முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் தண்ணீர் வேகமாக வெளியேறி, துண்டு சுருங்கித் தோலாகிவிடும்.

இனி வெயில். மாங்காய் வற்றலுக்கும் மோர் மிளகாய்க்கும் முதலில் உப்பு, பிறகு வெயில். உப்பு தண்ணீரைத் துண்டுக்கு வெளியே கொண்டுவருகிறது, வெயில் அதை ஆவியாக்குகிறது. போட்ட உப்பு அப்படியே இருக்க, தண்ணீர் குறையக் குறைய செறிவு தானாக ஏறுகிறது. குர்பானி இறைச்சியில் போடும் உப்புக்கண்டத்தில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கிலோ இறைச்சியில் ஏறத்தாழ 750 கிராம் தண்ணீர். 60 கிராம் உப்புச் சேர்த்தால் முதல் நாள் செறிவு ஏழரை சதவீதத்துக்குள். காய்ந்து 500 கிராம் தண்ணீர் போனபின், மிச்சம் 250 கிராம் தண்ணீரில் அதே 60 கிராம். செறிவு 19 சதவீதம்.

ஆபத்து இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான். மாங்காய்க்கு இருக்கும் புளிப்பு இறைச்சிக்குக் கிடையாது. உப்பைத் தாங்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஏழு சதவீதத்தில் வளர்ந்து நஞ்சு கக்கக்கூடும். பிறகு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தடித்த துண்டு என்றால் மேற்புறம் வெயிலில் இறுகி ஓடுபோல ஆகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். விரலைவிட மெல்லிய கீற்றாக அரிந்து, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கயிற்றில் கோத்து, இரவில் பனி படாமல் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மழை மூட்டமான நாளில் தொடங்கவே கூடாது. காய்ந்ததா என்று பார்க்க மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். தடித்த துண்டு ஒன்றை நடுவில் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பிசுபிசுப்போ வாடையோ இருந்தால் அதை மறுபடி வெயிலில் போடுவதில் பயனில்லை, கொட்டிவிடுங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக, நார் பிரிந்து வந்தால் ஜாடியில் போடலாம்.