விலை 2.40 என்று காட்டும் ஒரு ஆப்ஷன்: அதில் சிக்கியிருக்கும் பணம் உண்மையில் எவ்வளவு?

கைபேசிச் செயலியில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஆப்ஷன் விலை 2.40 டாலர் என்று தெரிகிறது.

"அட, ஒரு கோப்பிக் காசுதானே!" என்று தோன்றலாம்.

ஆனால் ஒன்றே ஒன்று வாங்கினாலும் கணக்கிலிருந்து போவது 240 டாலர். கடைசி நாளில் அதே ஒப்பந்தம் 5,000 டாலர் கேட்கவும் வாய்ப்புண்டு.

எப்படி? ஒரே ஒப்பந்தத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லாட், மல்டிப்ளையர்: இரண்டும் ஒன்றா?

லாட் என்பது ஒரு முறை வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் ஒரு லாட் 1,000 பங்குகளாக இருந்தது. 2015-ஆம் ஆண்டில் அது 100-ஆகக் குறைந்தது.

மல்டிப்ளையர் என்பது திரையில் தெரியும் விலையைப் பணமாக மாற்றும் எண். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் அது வழக்கமாக 100. திரையில் இருப்பது ஒரு பங்குக்கான விலை, ஒப்பந்தமோ 100 பங்குகளுக்கு. அதனால்தான் 2.40 என்பது 240 ஆகிறது.

பங்குகளில் இரண்டு எண்ணும் ஒன்றுபோலத் தெரியும். குறியீட்டு ஆப்ஷன்களில் வித்தியாசம் புரியும். ஒரு குறியீட்டைக் கையில் எடுத்து எண்ண முடியாது இல்லையா? அங்கே மல்டிப்ளையர் மட்டும்தான். மலேசியாவின் கோலாலம்பூர் கூட்டுக் குறியீட்டு ஆப்ஷனில் ஒரு புள்ளிக்கு 50 ரிங்கிட். பிரீமியம் 12 புள்ளி என்றால் கட்ட வேண்டியது 600 ரிங்கிட்.

ஒரே ஒப்பந்தம், மூன்று தொகை

ஒரு பங்கின் விலை 48 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதை 50 டாலருக்கு வாங்கும் உரிமையைத் தரும் கால் ஆப்ஷனின் பிரீமியம் 2.40 டாலர்.

முதல் தொகை, இன்று கட்டுவது: 2.40 × 100 = 240 டாலர். ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்தால் 312 வெள்ளி. தரகுக் கட்டணம் தனி.

இரண்டாவது தொகை, இன்று ஏறி இறங்குவது: ஆப்ஷன் விலைக்குப் பக்கத்தில் டெல்டா என்ற எண் இருக்கும். அது 0.40 என்றால், பங்கு ஒரு டாலர் நகரும்போது ஆப்ஷன் சுமார் 40 சென்ட் நகரும். அதாவது உங்கள் ஒப்பந்தம் இப்போதைக்கு 40 பங்குகளைப் போல நடந்துகொள்கிறது. 40 × 48 = 1,920 டாலர்.

நீங்கள் போட்டது 240 டாலர். ஆனால் 1,920 டாலர் பங்கு வைத்திருப்பவரைப் போல ஏற்ற இறக்கத்தை உணர்வீர்கள். பங்கு ஒரே ஒரு டாலர் இறங்கினால் சுமார் 40 டாலர் போய்விடும். போட்ட பணத்தில் அது ஆறில் ஒரு பங்கு. டெல்டா நிலையான எண் அல்ல. பங்கு விலை மாற மாற, நாள் நெருங்க நெருங்க அதுவும் மாறும்.

மூன்றாவது தொகை, உரிமையைப் பயன்படுத்தினால் கொடுக்க வேண்டியது: 50 × 100 = 5,000 டாலர், அதாவது 6,500 வெள்ளி.

"அதிகபட்ச நஷ்டம் 240தானே?"

வாங்கியவருக்கு அது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் முடியும் நாள் வரைதான்.

அமெரிக்காவில், முடியும் நாளில் ஒரு ஆப்ஷன் ஒரு சென்ட் லாபத்தில் இருந்தாலே போதும். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது தானாகவே பங்காக மாற்றப்படும்.

வெள்ளிக்கிழமை பங்கு 50.05 டாலரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிங்கப்பூரில் சனிக்கிழமை விடியற்காலை. நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் லாபம் 5 சென்ட் × 100, அதாவது வெறும் 5 டாலர். ஆனால் அதன்மூலம் 5,000 டாலருக்கு 100 பங்குகள் உங்கள் கணக்கில் வந்து சேரும்.

திங்கட்கிழமை பங்கு 46 டாலரில் தொடங்கினால்? பங்குகளில் 400 டாலர் நஷ்டம். ஏற்கெனவே கட்டிய 240-ஐச் சேர்த்தால் 640 டாலர்.

கணக்கில் போதிய பணம் இல்லாவிட்டால் சில தரகு நிறுவனங்கள் முடியும் நாளன்றே ஆப்ஷனை விற்றுவிடும். அந்த நேரத்தில் என்ன விலை கிடைக்கிறதோ அதுதான். வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைப்பவர்கள் சந்தை மூடும் முன் தாங்களே விற்றுவிட வேண்டும்.

விற்பவர் நிலைமை வேறு

அதே பங்கில் 45 டாலர் புட் ஆப்ஷனை ஒருவர் 1.50 டாலருக்கு விற்கிறார். கையில் உடனே 150 டாலர் வருகிறது.

அதற்கு ஈடாக அவர் கொடுத்த வாக்கு: "விலை எவ்வளவு விழுந்தாலும் 100 பங்குகளை 45 டாலருக்கு நான் வாங்கிக்கொள்கிறேன்." அந்த வாக்கின் மதிப்பு 4,500 டாலர்.

பங்கு 30-க்கு விழுந்தால் ஒரு பங்குக்கு 15 டாலர் நஷ்டம். 100 பங்குக்கு 1,500. வாங்கிய 150-ஐக் கழித்தால் 1,350 டாலர் கைவிட்டுப் போகிறது.

செயலி முன்பணமாக 4,500-ஐவிடக் குறைவான தொகையைக் கேட்கலாம். அது வெறும் பிணைத்தொகை. அதையே மொத்த ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பாகிவிடும்.

100 என்பது எப்போதும் 100 பங்குகளா?

இல்லை. நிறுவனம் பத்துப் பங்குகளை ஒன்றாகச் சேர்த்தது என்று வைத்துக்கொள்வோம். 5 டாலர் பங்கு இப்போது 50 டாலர். பழைய ஆப்ஷன் ஒன்று இனி 10 புதிய பங்குகளைத்தான் தரும். ஆனால் அதன் ஸ்ட்ரைக் விலை 5, மல்டிப்ளையர் 100 என்று அப்படியே இருக்கும்.

திரையில் பார்ப்பவருக்கு, 50 டாலர் பங்கை 5 டாலருக்கு வாங்கலாம் என்பதுபோலத் தெரியும். "ஐயோ, இவ்வளவு மலிவா!" என்று பாய்ந்துவிட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கொடுப்பது 5 × 100 = 500 டாலர். கிடைப்பது 10 பங்கு × 50 = 500 டாலர். லாபம் பூஜ்ஜியம்.

இத்தகைய ஒப்பந்தத்தைக் கண்டுபிடிப்பது எளிது. நிறுவனத்தின் குறியீட்டு எழுத்துகளுக்குப் பின்னால் 1 போன்ற ஓர் எண் ஒட்டியிருக்கும். விவரப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை பங்கு கிடைக்கும் என்று எழுதியிருக்கும்.

ஆர்டர் போடும் கட்டத்தில்

அளவு கேட்கும் கட்டத்தில் போட வேண்டியது ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. 100 பங்குதானே என்று நினைத்து 100 என்று தட்டினால் அது 100 ஒப்பந்தம், அதாவது 10,000 பங்குகள். நம் எடுத்துக்காட்டில் 240 டாலருக்குப் பதில் 24,000 டாலர்.

பொத்தானை அழுத்தும் முன் இந்த மூன்று வரிகளைப் போட்டுப் பார்க்கலாம்:

- இன்று கட்டுவது அல்லது பெறுவது = பிரீமியம் × மல்டிப்ளையர் × ஒப்பந்தங்கள்
- இன்று ஏறி இறங்குவது = பங்கு விலை × டெல்டா × மல்டிப்ளையர் × ஒப்பந்தங்கள்
- கடைசியில் கொடுக்க வேண்டி வரலாம் = ஸ்ட்ரைக் விலை × மல்டிப்ளையர் × ஒப்பந்தங்கள்

மூன்றாவது வரியில் வரும் தொகை உங்கள் கணக்கில் இல்லையென்றால், அந்த ஒப்பந்தத்தை முடியும் நாள்வரை வைத்திருப்பதா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.