ரூ.100 கேஷ்பேக் கிடைத்ததா? கடைசியாக எதைக் கூடையில் போட்டீர்கள் என்று பாருங்கள்

இரவு 10 மணி. மளிகைச் செயலியில் அரிசி, எண்ணெய், துவரம்பருப்பு எல்லாம் எடுத்துவிட்டீர்கள். மொத்தம் ரூ.740. பணம் கட்டப் போகும் நேரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை எட்டிப் பார்க்கிறது: ‘இன்னும் ரூ.259-க்கு வாங்குங்கள், ரூ.100 கேஷ்பேக் பெறுங்கள்’. ரூ.999-க்கு மேல் வாங்கினால் 10 சதவீதம், அதிகபட்சம் ரூ.100 என்பது சலுகை. சும்மா வருகிற நூறு ரூபாயை ஏன் விட வேண்டும்? ஒரு ஷாம்பூ, ஒரு டார்க் சாக்லேட், ரூ.265. கூடை இப்போது ரூ.1,005. பணம் கட்டியதும் திரையில் காகிதப் பூக்கள் பறக்கின்றன. ‘நீங்கள் ரூ.100 சேமித்தீர்கள்!’

சேமித்தீர்களா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேஷ்பேக் போக உங்கள் கையிலிருந்து போனது ரூ.905. சலுகையே இல்லாமல் இருந்திருந்தால் ரூ.740. ஆக, ரூ.165 கூடுதலாகச் செலவழித்திருக்கிறீர்கள். செயலி காட்டும் 10 சதவீதம் மொத்த பில்லின் மேல் போட்ட கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது, சலுகைக்காகச் சேர்த்த அந்த ரூ.265-ஐ மட்டும்தான்.

இதற்காக ஷாம்பூ வாங்கியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. வீட்டில் ஷாம்பூ தீரப்போகிறது, அடுத்த வாரம் எப்படியும் இதே விலைக்கு வாங்கத்தான் போகிறீர்கள், சாக்லேட்டும் வழக்கமாக வாங்குவதுதான் என்றால், நூறு ரூபாயும் முழு லாபம். இல்லையென்றால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இரண்டையும் மட்டும் ரூ.165-க்கு யாராவது நீட்டினால் வாங்கியிருப்பேனா? ‘ஆமாம்’ என்றால் சேருங்கள். ‘அட, வேண்டாம்ப்பா’ என்று மனசு சொன்னால் ரூ.740-ஐக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ‘இன்னும் ரூ.60-க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்ற வரிக்கும் இதே கேள்விதான்.

இன்னொரு விஷயம். அந்த நூறு ரூபாய் எங்கே வந்து விழுகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் விழுந்தால் அது பணம். செயலியின் வாலட்டில் ‘பாயிண்ட்’டாக விழுந்தால், அதற்குக் காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் ‘அடுத்த பில்லில் இத்தனை சதவீதம் வரைதான் பயன்படுத்தலாம்’ என்ற நிபந்தனையும் இருக்கும். அது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூ.100-ஐ முழுசாகக் கரைக்க இன்னொரு ரூ.500-க்கு வாங்கியாக வேண்டும். முதல் கூடைக்குக் கிடைத்த பரிசு இரண்டாவது கூடைக்கான அழைப்பாக மாறிவிடுகிறது.

பணம் யாருடையது?

இந்தியாவில் கேஷ்பேக் மோகம் சூடுபிடித்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 செப்டம்பரில் கூகுள் ‘தேஸ்’ செயலியை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு அதன் பெயர் கூகுள் பே ஆனது. நண்பரை அழைத்து வந்தால் அவருக்கும் ரூ.51, உங்களுக்கும் ரூ.51. 2019 தீபாவளியில் ‘ரங்கோலி’ ஸ்டாம்ப் கிடைக்காமல் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் எல்லோரும் கையேந்தினார்கள். ஐந்து ஸ்டாம்பும் சேர்ந்தால் ரூ.251. அப்போது நிறுவனங்கள் சொந்தப் பணத்தை இறைத்து நம் பழக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தன.

2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு விதித்தது. டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஸ்கேன் செய்தால் செயலிக்குக் கடைக்காரரிடமிருந்து ஒரு பைசாகூட வராது. அதனால்தான் இப்போது ஸ்கிராட்ச் கார்டைச் சுரண்டினால் பெரும்பாலும் பணம் வருவதில்லை. கேள்விப்படாத ஏதோ ஒரு பிராண்டின் ‘ரூ.300 தள்ளுபடி’ கூப்பன் வருகிறது. அது உங்களுக்கான பரிசு அல்ல, அந்த பிராண்டின் விளம்பரம்.

ஆனால் அதே கடையில் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து ஸ்கேன் செய்தால் கதை வேறு. 2022-ல் ரிசர்வ் வங்கி இதற்கு வழிவிட்டது. சிறு கடைகளில் சிறு தொகைகளுக்கு விலக்கு இருந்தாலும், மற்ற இடங்களில் இதற்கு வணிகர் கட்டணம் உண்டு. உங்கள் செயலி ஏன் ‘கிரெடிட் கார்டை இணையுங்கள், கேஷ்பேக் பெறுங்கள்’ என்று விடாமல் நச்சரிக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். கேஷ்பேக் பெரிதாக இருக்கும் இடத்தில் யாரோ ஒருவருக்குக் கட்டணமோ வட்டியோ வருகிறது. எந்தச் சலுகையைப் பார்த்தாலும் அந்த ‘யாரோ’ யார் என்று நான் முதலில் தேடுவேன்.

இடையில் ஒரு தகவல். குலுக்கல் மாதிரியான பல சலுகைகளின் விதிமுறைகளில் ‘தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது’ என்ற வரியைப் பார்த்து எரிச்சலாகியிருப்பீர்கள். செயலிக்குத் தமிழர்கள் மேல் ஏதும் கோபம் இல்லை. 1979-ல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்தான் காரணம். பெங்களூரில் இருக்கும் அறைத்தோழன் கார்டு கார்டாகச் சுரண்டும்போது நமக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று நானும் நினைத்ததுண்டு. இப்போது அந்தச் சட்டத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

உண்மையான ஓட்டை எங்கே?

மளிகைக் கூடையில் போகும் 165 ரூபாய் சில்லறைக் காசு. பெரிய ஓட்டை கிரெடிட் கார்டு பில்லில் இருக்கிறது. ஒரு உதாரணத்தைத் தேதி வாரியாகப் பார்ப்போம்.

அக்டோபர் 1-ம் தேதி, 1 சதவீத கேஷ்பேக் தரும் கார்டில் ரூ.30,000-க்குப் பண்டிகை ஷாப்பிங். கேஷ்பேக் ரூ.300. அக்டோபர் 15-ல் பில் வருகிறது, கடைசித் தேதி நவம்பர் 4. கையில் காசு இல்லை. பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை ரூ.1,500’ என்று இருக்கிறது. அதை மட்டும் கட்டிவிட்டு ‘மீதியை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிடுகிறீர்கள்.

பலருக்குத் தெரியாதது இதுதான்: முழுத் தொகையைக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்பதே இல்லாமல் போய்விடும். வட்டி நவம்பர் 4-லிருந்து அல்ல, வாங்கிய நாளான அக்டோபர் 1-லிருந்து ஓடும். அதுவும் முழு ரூ.30,000-க்கு. மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் கார்டுகளில் இது சாதாரணமான விகிதம். முதல் 34 நாட்களுக்கு ரூ.30,000-க்கான வட்டி சுமார் ரூ.1,174. அடுத்த பில் வரும் நவம்பர் 15 வரை 11 நாட்களுக்கு, மீதமுள்ள ரூ.28,500-க்கான வட்டி சுமார் ரூ.361. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்துச் சுமார் ரூ.1,811.

ரூ.1,500 கட்டிய பிறகும் உங்கள் கடன் ரூ.30,311. தொடங்கிய இடத்தைவிட அதிகம். வந்த கேஷ்பேக் ரூ.300. இந்த ஒரு மாத வட்டியை 1 சதவீத கேஷ்பேக்கால் ஈடுகட்ட வேண்டுமானால் ரூ.1.81 லட்சத்துக்குச் செலவு செய்ய வேண்டும்! போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும்வரை நீங்கள் புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு செலவுக்கும் அன்றே வட்டி தொடங்கிவிடும்.

ஆகவே கார்டு கேஷ்பேக் லாபம்தானா என்பதற்கு ஒரே ஒரு சோதனை போதும். கடந்த 12 மாத பில்களில் ஏதாவது ஒன்றிலாவது ‘நிதிக் கட்டணம்’ என்ற வரி இருக்கிறதா? இருந்தால், அந்த ஆண்டு சேர்த்த கேஷ்பேக் அங்கேயே கரைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முழு பில்லும் கடைசித் தேதியில் தானாகப் போகும்படி ஆட்டோபே போட்டு வைத்திருப்பவருக்குத்தான் அந்த 1 சதவீதம் உண்மையிலேயே கைக்கு வருகிறது.

இன்னும் கொஞ்சம்தான் பாக்கி!

‘இந்தக் காலாண்டில் ரூ.42,000 செலவழித்துவிட்டீர்கள், இன்னும் ரூ.8,000 செலவழித்தால் ரூ.500 வவுச்சர்’ என்று சில கார்டுகள் ஒரு கோட்டை நிரப்பிக் காட்டும். இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. நூன்ஸ், டிரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை குத்தினால் ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்குப் பத்து முத்திரை, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. இருவருக்கும் தேவை எட்டுதான். முதல் குழுவில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள், இரண்டாவது குழுவில் 34 சதவீதம் பேர். பாதி தூரம் வந்துவிட்டோம் என்ற உணர்வு போதும், மீதியை நாமே ஓடிவிடுவோம். ரூ.500-க்காகத் தேவையில்லாமல் ரூ.8,000 செலவழித்தால் அது 6.25 சதவீதத் தள்ளுபடி, அவ்வளவுதான்.

ரெஃபரல்: லாபம் உங்களுக்கு, செலவு நண்பனுக்கா?

‘மச்சி, என் லிங்க்ல போய் அப்ளை பண்ணுடா, எனக்கு 500 ரூபா வரும்.’ வெறும் பேமென்ட் செயலி என்றால் நண்பருக்கு இழப்பு எதுவும் இல்லை. இப்போது ரெஃபரல்கள் கிரெடிட் கார்டுக்கும் டீமேட் கணக்குக்கும் உடனடிக் கடனுக்கும் வந்துவிட்டன. கார்டுக்கு விண்ணப்பித்தாலே அவருடைய கடன் அறிக்கையில் ஒரு விசாரணை பதிவாகும். குறுகிய காலத்தில் அப்படிப் பல பதிவுகள் சேர்ந்தால் நாளை வீட்டுக்கடனுக்குப் போகும்போது கேள்வி வரலாம். ‘முதல் ஆண்டு இலவசம்’ கார்டுக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணமும், டீமேட்டுக்குப் பராமரிப்புக் கட்டணமும் அவர் மறந்திருக்கும்போது வந்து நிற்கும். லிங்க் அனுப்பும்போது அந்தக் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேஷ்பேக் பெயரில் வரும் மோசடியை அடையாளம் காண ஒரு விதி போதும்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ‘ரூ.2,000 கேஷ்பேக் பெற பின்னைப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும், போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

சொன்ன கேஷ்பேக் வரவில்லை, அல்லது நீங்கள் சேர்க்காத பொருள் கூடையில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்கும் இடம் உண்டு. போலி அவசரம் காட்டுவது, கூடையில் திருட்டுத்தனமாகப் பொருள் சேர்ப்பது, ‘வேண்டாம்’ என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது உள்ளிட்ட 13 வகைத் தந்திர வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. புகாருக்கான தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சலுகைப் பக்கத்தையும் பணம் கட்டிய பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். சலுகை முடிந்ததும் அந்தப் பக்கம் செயலியிலிருந்து காணாமல் போய்விடும்.