படத்தின் கூட்டு நிகழ்தகவு அட்டவணை

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் அடுத்தடுத்துள்ள இரு படப்புள்ளிகளின் சாம்பல் அளவுகளை இரண்டு தனிநிலைச் சமவாய்ப்பு மாறிகளாகக் கொண்டு, அவை எந்தெந்த இணைகளாக எத்தனை முறை சேர்ந்து வருகின்றன என்று எண்ணி அமைப்பது படத்தின் கூட்டு நிகழ்தகவு அட்டவணை. படச் செயலாக்கத்தில் இதைச் சாம்பல் அளவு இணைநிகழ்வு அணி என்பர். ராபர்ட் ஹரலிக், கே. சண்முகம், இட்ஸ்ஹாக் டின்ஸ்டைன் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த அணியிலிருந்து 14 அளவைகளைக் கணக்கிட்டது. மணற்கல்லின் நுண்ணோக்கிப் படங்களையும் வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் இழையமைப்பைக் கொண்டு வகைப்படுத்துவதே அவர்களின் நோக்கம். அந்த 14 அளவைகளில் ஒன்றான ஒட்டுறவுக் கெழு உடன்மாறுபாட்டிலிருந்து பிறப்பது.

அட்டவணை அமைக்கும் முறையை ஒரு சிறு படத்தில் காணலாம். நான்கு வரிசை, ஐந்து நிரல். 0 கறுப்பு, 1 சாம்பல், 2 வெள்ளை.

```
0 0 0 1 1
0 0 1 1 2
0 1 1 2 2
1 1 2 2 2
```

இடப்பக்கப் புள்ளியை X என்றும் அதற்கு ஒட்டிய வலப்பக்கப் புள்ளியை Y என்றும் கொள்வோம். ஒரு வரிசைக்கு நான்கு இணைகள், ஆக மொத்தம் 16. முதல் வரிசையில் (0,0) இருமுறையும் (0,1), (1,1) ஒவ்வொன்றும் ஒருமுறையும் வருகின்றன. இப்படியே நான்கு வரிசையையும் எண்ணினால் கிடைப்பது இது:

```
       Y=0  Y=1  Y=2 | கூடுதல்
X=0     3    3    0  |  6
X=1     0    4    3  |  7
X=2     0    0    3  |  3
கூடுதல்  3    7    6  | 16
```

ஒவ்வோர் எண்ணையும் 16ஆல் வகுத்தால் நிகழ்தகவு. பின்னங்களை இறுதிவரை 16இன் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது. இடையில் தசமமாக்கினால் சாராமையைச் சோதிக்கும்போது சமம் எது, ஏறத்தாழச் சமம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

அட்டவணையின் ஓரத்தில் உள்ள கூடுதல்கள்தான் விளிம்பு நிகழ்தகவுகள். பெயரும் அதனால்தான். X-க்கு 6/16, 7/16, 3/16. Y-க்கு 3/16, 7/16, 6/16. ஒரே படத்திலிருந்து எடுத்தும் இரண்டும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசி நிரலின் புள்ளிகள் ஒருபோதும் X ஆவதில்லை, முதல் நிரலின் புள்ளிகள் ஒருபோதும் Y ஆவதில்லை. பெரிய படத்தில் இந்த வேறுபாடு தேய்ந்துவிடும். ஒவ்வோர் இணையையும் இரு திசையிலும் எண்ணிச் சமச்சீர் அட்டவணை அமைத்தால் முற்றிலும் மறையும்.

இனி உடன்மாறுபாடு. X-இன் சராசரி (0×6 + 1×7 + 2×3)/16 = 13/16. Y-இன் சராசரி (0×3 + 1×7 + 2×6)/16 = 19/16. பெருக்கற்பலன் XY-க்குச் சுழியம் உள்ள வரிசையும் நிரலும் பங்களிப்பதில்லை; மீதமுள்ளவை (1×4 + 2×3 + 4×3)/16 = 22/16.

```
Cov(X,Y) = E[XY] − E[X]·E[Y]
         = 22/16 − (13/16)(19/16)
         = 105/256 ≈ 0.41
```

நேர்க்குறி வந்ததன் பொருள், கறுப்புக்கு அருகில் கறுப்பும் வெள்ளைக்கு அருகில் வெள்ளையும் நிற்கின்றன என்பது. ஆனால் 0.41 பெரிதா, சிறிதா என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சாம்பல் அளவுகளை 0, 1, 2 என்பதற்குப் பதில் 0, 100, 200 என்று எழுதியிருந்தால் படம் மாறாமலே உடன்மாறுபாடு 10,000 மடங்காகும். ஆகவே திட்டவிலக்கங்களால் வகுக்கிறோம். இங்கே X, Y இரண்டின் விலக்க வர்க்கச் சராசரியும் 135/256 ஆகவே அமைவதால் ஒட்டுறவுக் கெழு 105/135 = 7/9, ஏறத்தாழ 0.78.

சாராமைக்கான நிபந்தனை உடன்மாறுபாடு சுழியமாவதைவிடக் கடுமையானது: ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டு நிகழ்தகவு தன் வரிசை விளிம்பு, நிரல் விளிம்பு ஆகியவற்றின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். ஒன்பது கட்டங்களில் ஒன்று தவறினாலும் மாறிகள் சார்ந்தவை. மேலுள்ள அட்டவணையில் (0,2) கட்டம் சுழியம். விளிம்புகளின் பெருக்கலோ 6/16 × 6/16. சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. விளிம்புகள் சுழியமாக இல்லாதபோது நடுவில் ஒரு சுழியக் கட்டம் கண்ணில் பட்டால் வேறு எதையும் கணக்கிட வேண்டியதில்லை.

மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இதற்கு எதிர்த்திசையில். உடன்மாறுபாடு சுழியம் என்று வந்ததும் மாறிகள் சாராதவை என்று எழுதிவிடுகிறார்கள். கீழுள்ள படம் அதை மறுக்கிறது:

```
1 0 1 2 1
1 2 1 0 1
1 0 1 0 1
1 2 1 2 1
```

```
       Y=0  Y=1  Y=2 | கூடுதல்
X=0     0    4    0  |  4
X=1     4    0    4  |  8
X=2     0    4    0  |  4
கூடுதல்  4    8    4  | 16
```

இரு சராசரிகளும் 1. எந்த இணையை எடுத்தாலும் இரண்டில் ஒரு புள்ளி 1 ஆகவே இருக்கிறது. அதாவது ஒருபுறத்து விலக்கம் எப்போதும் சுழியம். விலக்கங்களின் பெருக்கற்பலன் 16 இணைகளிலும் சுழியமாவதால் உடன்மாறுபாடும் சுழியம். ஆனால் சார்பு எவ்வளவு அழுத்தமானது பாருங்கள்: இடப்பக்கம் கறுப்போ வெள்ளையோ இருந்தால் வலப்பக்கம் சாம்பல்தான் என்று அடித்துச் சொல்லலாம். சாராத மாறிகளாக இருந்தால் நடுக்கட்டத்தில் 8/16 × 8/16 = 1/4, அதாவது 4 இணைகள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. உடன்மாறுபாடு நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே அளக்கிறது. இந்தப் படத்தின் தொடர்பு நேர்கோட்டில் இல்லை.

இதே விளிம்புகளைக் கொண்ட சாராத அட்டவணையில் வரிசைகள் 1 2 1, 2 4 2, 1 2 1 என்று அமையும். வெவ்வேறு அட்டவணைகள், ஒரே விளிம்பு, ஒரே உடன்மாறுபாடு. விளிம்புகளிலிருந்து அட்டவணையை மீட்டெடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உண்மையான படங்களில் 256 சாம்பல் அளவுகள் இருந்தால் அட்டவணையில் 65,536 கட்டங்கள் வரும். சிறு படத்தில் அவற்றில் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும். அந்தச் சுழியங்கள் சார்பைக் காட்டுவன அல்ல, எண்ணிக்கை போதாமையைக் காட்டுவன. அதனால் அளவுகளை 8 அல்லது 16ஆகத் தொகுத்த பிறகே எண்ணுவது வழக்கம். மேலும், ஒரு புள்ளி தன் இடப்பக்க இணையிலும் வலப்பக்க இணையிலும் இடம்பெறுவதால் இணைகள் தமக்குள் தனித்தவை அல்ல. சாராமையைச் சோதிக்கும் வழக்கமான கை-வர்க்கச் சோதனையை அப்படியே இங்கே பயன்படுத்தக் கூடாது.

முதல் படத்தை `img` என்ற முழு எண் அணியாகக் கொடுத்தால், பைத்தானில் `scikit-image` தொகுப்பு முதல் அட்டவணையை நிகழ்தகவுகளாக நேரடியாகத் தரும்:

```
from skimage.feature import graycomatrix, graycoprops

P = graycomatrix(img, distances=[1], angles=[0],
                 levels=3, normed=True)
graycoprops(P, 'correlation')
```

முழுவதும் ஒரே சாம்பல் அளவான படத்தைக் கொடுத்தால் இதே கட்டளை ஒட்டுறவு 1 என்று காட்டும். அப்படத்தில் உடன்மாறுபாடு சுழியம், திட்டவிலக்கமும் சுழியம். 0/0 என்ற வகுத்தலைத் தவிர்க்கத் தொகுப்பை எழுதியவர்கள் வைத்த மதிப்பே அந்த 1.