பருமன் எடை (கூரியர் கட்டணம்)

பார்சல் வண்டியிலோ விமானத்திலோ அடைக்கும் இடத்தைக் கிலோவாக மாற்றிச் சொல்லும் கணக்கு. கூரியர் அலுவலகங்களில் 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பருமன் எடை வரும். இதிலும் தராசு காட்டும் எடையிலும் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை 40×30×30 அளவுப் பெட்டியில் வைப்போம். தராசில் 2.3 கிலோதான். பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2. அரைக் கிலோவாக மேல்நோக்கி முழுமையாக்குவது பல நிறுவனங்களின் வழக்கம் என்பதால், பில்லில் 7.5 கிலோ ஏறும். அதே பெட்டி நிறையப் புத்தகம் என்றால் எடை 20 கிலோவைத் தாண்டும். அங்கே தராசுதான் பேசும். லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறைவான சரக்கு எல்லாமே பருமன் எடையில் மாட்டும்.

தகராறு பெரும்பாலும் அளப்பதில்தான் வரும். பெட்டியின் உள்ளளவை எழுதிக் கொடுப்பார்கள். நிறுவனமோ வெளியே புடைத்த இடத்தை அளக்கும். மேற்சொன்ன பெட்டி ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. கூடி 42×32×32 ஆனால், பருமன் எடை 8.6, கட்டணம் 9 கிலோவுக்கு. திணிப்புக் காகிதத்தைக் குறைத்து 40×30×30 பெட்டியின் உயரத்தை 25 ஆக்கினால் 6 கிலோ. உடையும் பொருளுக்கு அது உசிதமல்ல.

வகுக்கும் எண் எங்கும் ஒன்றல்ல. விமானச் சரக்கில் 6000 வழக்கம். எண் கூடினால் பருமன் எடை குறையும்.