அதிகச் சம்பளம் வாங்கிய அடிமைகள்

ஒரு ரிலீஸுக்காகப் போன மாசம் பூரா நைட் ஷிப்ட். கூடவே நைட் ஷிப்ட் அலவன்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு டீ குடிக்கக் கீழே இறங்கினப்போ கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் கேட்டார், "உங்களுக்கு ராத்திரிக்குத் தனிக்காசு உண்டாமே தம்பி?" உண்டுன்னு சொன்னேன். அவருக்கு? சிரிச்சுட்டு டார்ச்சை எடுத்துக்கிட்டு ரவுண்ட்ஸ் போயிட்டார். ரெண்டு பேருக்கும் அதே ராத்திரி, அதே கொசு. எனக்கு மட்டும் ஏன் காசு?

இந்தக் கேள்விக்குப் பொருளாதாரத்தில் ஒரு பழைய பதில் இருக்கு. 1776ல் ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' புத்தகத்தில் எழுதினது. வேலை கஷ்டமாகவோ, அழுக்காகவோ, ஆபத்தாகவோ இருந்தால், அதுக்கு ஆள் வரணும்னா கூலியைக் கூட்டித்தான் ஆகணும். வேலையோட கெட்ட குணத்துக்குக் கூலி ஈடுகட்டும். அவர் காட்டின முக்கியமான உதாரணம் நிலக்கரி வெட்டுறவர். கொல்லன் தொழில் கத்துக்கிட்டவன், ஆனாலும் பன்னெண்டு மணி நேரத்தில் அவன் சம்பாதிக்கிறதை, தனிப் பயிற்சி எதுவும் இல்லாத சுரங்கக்காரன் எட்டு மணி நேரத்தில் சம்பாதிச்சுடுவான். கொல்லனுக்கு வெளிச்சத்தில், தரைக்கு மேலே வேலை, அதான் காரணம்ங்கிறார். இங்கிலாந்தின் நியூகாசிலில் சுரங்கக்காரனுக்குச் சாதாரணக் கூலியைப் போல ரெண்டு மடங்கு, ஸ்காட்லாந்தில் பல இடங்களில் மூணு மடங்கு. முழுக்க முழுக்க வேலையின் கஷ்டத்தினாலும் அழுக்கினாலும் வந்த கூலின்னு முடிச்சுட்டார்.

இங்கேதான் எனக்கு இடிச்சது. ரெண்டு ஊரிலும் அதே இருட்டு, அதே விஷவாயு, அதே கரித்தூசி. அப்புறம் ஏன் ஸ்காட்லாந்தில் மட்டும் மூணு மடங்கு?

ஸ்மித் அந்த இடத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கு. அவர் அந்தப் புத்தகத்தை எழுதிக்கிட்டிருந்த காலத்தில் ஸ்காட்லாந்து சுரங்கக்காரர்கள் சுதந்திர மனிதர்களே இல்லை.

1606ல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய முதலாளி எழுதிக் கொடுத்த சான்று இல்லாமல் வருகிற சுரங்கக்காரரையோ, கரி சுமப்பவரையோ, உப்புக் காய்ச்சுபவரையோ யாரும் வேலைக்குச் சேர்க்கக்கூடாது. (நம்ம ஊர் ரிலீவிங் லெட்டர்தான். தரலைன்னா ஆயுசுக்கும் அதே கம்பெனி!) ஓடிப்போனவரைப் பழைய முதலாளி ஒரு வருஷமும் ஒரு நாளும் முடிகிறதுக்குள்ளே திருப்பிக் கேட்கலாம். ஓடினவர் திருடனாக நடத்தப்படுவார். எதைத் திருடினார்? தன்னையே! அப்புறம் இன்னொரு வழக்கமும் வளர்ந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி பெற்றோருக்கு ஒரு சின்ன அச்சாரம் கொடுப்பார். வாங்கிட்டால் அந்தக் குழந்தையும் வளர்ந்து அதே சுரங்கத்துக்கு. 1701ல் காரணமில்லாமல் யாரையும் சிறையில் வைக்கக் கூடாதுன்னு ஒரு நல்ல சட்டம் வந்தப்போ, அதிலிருந்தும் சுரங்கக்காரர்களையும் உப்புக் காய்ச்சுபவர்களையும் விலக்கி வெச்சாங்க.

அடிமைன்னா கூலி குறைவாத்தானே இருக்கணும்? இங்கே தலைகீழ். ஏன்னு ஸ்மித்துக்கே தெரிஞ்சிருந்தது. 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் நடத்தின வகுப்புகளில் ஒரு மாணவர் எடுத்த குறிப்புகள் 1896ல் அச்சாச்சு. அதில் கணக்கு இருக்கு. ஸ்காட்லாந்தில் தினக்கூலிக்காரருக்கு 6 முதல் 8 பென்ஸ். சுரங்கக்காரருக்கு அரை கிரவுன், அதாவது 30 பென்ஸ். நியூகாசிலில் சுரங்கக்காரருக்கு 10 முதல் 12 பென்ஸ்தான். ஆனாலும் ஸ்காட்லாந்து ஆட்கள் 30 பென்ஸை விட்டுட்டு நியூகாசிலுக்கு ஓடுறாங்க, ஏன்னா அங்கே சுதந்திரம் இருக்குன்னு ஸ்மித்தே சொல்லியிருக்கார். இவங்களை விடுதலை பண்ணினால் கூலி இறங்கிடும்னும் சொல்றார்.

கொஞ்சம் நிதானமா யோசிங்க. ஆபத்துக்கான ஈடு எவ்வளவுன்னு பார்க்கணும்னா, விட்டுப்போகக் கூடிய ஆளோட கூலியைப் பார்க்கணும். அது நியூகாசில் கூலி, 12 பென்ஸ். மிச்சம் 18 பென்ஸ் இருட்டுக்கோ தூசிக்கோ இல்லை. ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வர முடியாது, பிள்ளையும் மாட்டிக்கும்னு தெரிஞ்சால் எந்த வெளியாள் சேருவான்? ஒருத்தனும் வரலை. ஆளைக் கட்டிப்போட்டு மலிவாக வெச்சுக்கலாம்னு முதலாளிகள் பூட்டின கதவு, புது ஆள் உள்ளே வர்றதையும் சேர்த்துப் பூட்டிடுச்சு. இருக்கிற ஆளுக்குத் தட்டுப்பாடு, கூலி ஏறிடுச்சு.

ஒரு விஷயத்தையும் கழிச்சுக்கணும். அந்த 30 பென்ஸ் ஒரு ஆளோட கூலின்னு சொல்லவே முடியாது. வெட்டின கரியை மேலே கொண்டுவர ஆள் வெச்சுக்கிறது பல சுரங்கங்களில் வெட்டுறவர் பொறுப்பு. அதனால் மனைவியும் மகளும் கூடையை முதுகில் கட்டிக்கிட்டுப் படியேறுவாங்க. 1808ல் ராபர்ட் பால்ட்ங்கிற சுரங்கப் பொறியாளர் இந்தப் பெண்களோட நிலைமையைப் பத்தியே தனியா எழுதினார். அதே ஆபத்துதான். ஆனால் அவங்களுக்குன்னு தனிக்கூலி பெரும்பாலும் கிடையாது, அப்பா அல்லது கணவன் கணக்கில் போயிடும். பேரம் பேச முடியாதவங்களுக்கு எந்த ஈடும் கிடைக்கலை. பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குறதை 1842ல்தான் சட்டம் தடுத்தது.

விடுதலை எப்படி வந்தது? 1775 சட்டத்தின் முன்னுரை இது அடிமைத்தனம்னு ஒத்துக்கிட்ட கையோட, விடுதலை கொடுத்தால் சுரங்கத்துக்கு ஆட்கள் பெருகுவாங்கன்னும் சொல்லுது. இரக்கம் பாதி, ஆள் தட்டுப்பாடு பாதி. அந்த ஜூலைக்குப் பிறகு புதுசா சேர்றவங்க சுதந்திரமானவங்க. ஏற்கெனவே மாட்டினவங்களுக்கு வயசைப் பொறுத்து 3 முதல் 10 வருஷம் காத்திருப்பு, அதுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கணும். கடைசியா எல்லோருக்கும் விடுதலை கிடைச்சது 1799ல்.

அதே நியூகாசிலில் 1765ல் ஒரு பெரிய வேலைநிறுத்தம். அங்கே வருஷ ஒப்பந்தம்தான், முடிஞ்சால் வேற சுரங்கம் போகலாம். பழைய முதலாளியோட சான்று இல்லாமல் யாரையும் சேர்க்கக்கூடாதுன்னு முதலாளிகள் தங்களுக்குள் பேசி வெச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆயிரக்கணக்கானவங்க கருவியைக் கீழே போட்டாங்க. சண்டை கூலிக்கு இல்லை, அந்தச் சான்றுக்கு. தங்களோட 12 பென்ஸ் எதில் நிக்குதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

ஆக, ஸ்மித் சொன்னது தப்பில்லை, ஆனால் ஒரு நிபந்தனை இருக்கு. ஆபத்து தானாகக் காசு கொண்டுவராது. "முடியாது, நான் போறேன்"னு சொல்லக்கூடிய கடைசி ஆளை நிறுத்தி வைக்க எவ்வளவு வேணுமோ, அதுதான் ஈடு. நம்ம நாட்டில் சாக்கடை அள்ளும் வேலைக்கு அந்த ஈடு ஏன் வரலைன்னு கேட்டால், பிறப்பிலேயே கொடுக்கப்பட்ட அச்சாரம் ஒண்ணு இருக்கு. சாதி தொழிலை மாத்திக்க விடுறதில்லைன்னு அம்பேத்கர் 1936லேயே எழுதிட்டார்.

செக்யூரிட்டி அண்ணனை நேத்து மறுபடி பார்த்தேன். ஏன் வேற இடம் பார்க்கலைன்னு கேட்டேன். "இந்த ஏஜென்சியை விட்டா டெபாசிட்டு காசு வராது தம்பி. சர்ட்டிபிகேட்டும் அவங்ககிட்டதான் இருக்கு"ன்னார்.

1606ஐப் பத்தி அவருக்கு நான் ஒண்ணும் சொல்லலை.